மாபாடியத்தின் முதற் சூத்திரத்தை நான்கு பக்கத்தில் எழுதுவது: எதை விடுவது, எதை வைப்பது?

அக்கராயன் வாசகர் | 07.10.2023, இரவு 8.40

மெய்கண்டார் இயற்றிய சிவஞானபோதத்துக்குச் சிவஞான முனிவர் எழுதிய விரிவுரையாகிய மாபாடியத்தில், முதற் சூத்திரத்துக்குரிய உரையை மட்டும் நான்கு பக்கங்களில் சுருக்கிக் கொண்டிருக்கிறேன். எங்கள் வாசகர் வட்டத்தில் இதை வாசிக்கப் போகிறவர்கள் தேவாரம் ஓதத் தெரிந்தவர்கள். தருக்க நூல் எதனையும் தொட்டிராதவர்கள். மூலம் மூன்றே அடி:

அவன் அவள் அது எனும் அவை மூவினைமையின்
தோற்றிய திதியே ஒடுங்கி மலத்துளதாம்
அந்தம் ஆதி என்மனார் புலவர்.

வாதத்தை நான் விளங்கிக் கொண்ட விதம் இது. அவன், அவள், அது என்று சுட்டிக் காட்டப்படும் பொருள்களின் தொகுதியே உலகம். அப்பொருள்கள் தோன்றுவதையும் நிற்பதையும் அழிவதையும் காண்கிறோம். ஆகவே உலகம் தோற்றுவிக்கப்பட்டது. ஒடுங்கிய உலகம், உயிர்களைப் பற்றி நிற்கும் அழுக்காகிய மலம் இன்னும் நீங்காமையால், எங்கே ஒடுங்கியதோ அங்கிருந்தே மறுபடி வரும். எனவே எல்லாவற்றையும் ஒடுக்குகின்றவன் எவனோ அவனே முதல்வன்.

உரை இவ்வளவில் நிற்பதில்லை. பிற மதத்தாரின் கட்சிகளும் இலக்கண ஆராய்ச்சியும் ஆகம மேற்கோள்களும் உவமைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன. வாதத்தை மூன்று பக்கங்களில் ஒரே ஓட்டமாகச் சொல்லி, உவமைகளைக் கடைசிப் பக்கத்தில் சேர்த்து வைத்து, எதிர்வாதிகளை முழுவதும் விட்டுவிடலாம் என்று எண்ணுகிறேன். உரையை வாசித்தவர்கள் தங்கள் கருத்தை எழுதுங்கள்.

உயர்தர மாணவன் | 07.10.2023, இரவு 9.15

இந்து நாகரிகப் பாடத்துக்குச் சைவசித்தாந்தத்தில் இருந்து எந்தப் பகுதி வரும் என்று சொல்ல முடியுமா? பதி, பசு, பாசம் பற்றிய மாதிரி விடைகள் யாரிடமாவது இருந்தால் இங்கே இட்டு உதவுங்கள்.

பயன்சொல்லி | 08.10.2023, காலை 6.05

தம்பி, இந்த இழை பரீட்சைக்குரியது அன்று. ஆயினும் ஒன்று உங்களுக்கு உதவும். பன்னிரண்டு சூத்திரங்களில் முதல் மூன்றும் பதி உண்டு, பாசம் உண்டு, பசு உண்டு என்று நிறுவுவதற்கே உரியவை. அவற்றின் வரிசையை நினைவில் வைத்தால் விடையின் வரிசையும் கூடவே வரும்.

வாசகருக்கு: எதிர்வாதிகளை விட்டால் வாதமே போய்விடும். மெய்கண்டார் ஒவ்வொரு சூத்திரத்தையும் அதிகரணங்களாகப் பகுத்து, ஒவ்வோர் அதிகரணத்திலும் நிறுவ வேண்டிய கூற்றாகிய மேற்கோள், அதற்குக் காரணமாகிய ஏது, எடுத்துக்காட்டு என்று மூன்றை வைக்கிறார். பன்னிரண்டு சூத்திரத்துக்கும் சேர்த்து முப்பத்தொன்பது அதிகரணங்கள். முதற் சூத்திரத்துக்கு மூன்று. ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் மறுப்புக்கு விடையாக எழுந்தது. முதல் அதிகரணம், கண்ணால் காண்பதை மட்டுமே ஏற்கும் உலகாயதனுக்கு விடை. இரண்டாவது, இல்லாதது தோன்றும் என்பவனுக்கும், உள்ளது செய்வோரின்றித் தானே தோன்றும் என்பவனுக்கும் விடை. மூன்றாவது, ஒடுக்குபவனோடு வேறு சிலரையும் முதல்வராக எண்ணுபவனுக்கு விடை. கேட்டவனை நீக்கிவிட்டு விடையை மட்டும் அச்சிட்டால், இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறார் என்று வாசிப்பவர் திகைப்பார்.

ஆகவே ஒவ்வோர் அதிகரணத்துக்கும் எதிர்வாதிக்கு ஒரு வாக்கியம், மேற்கோளுக்கு ஒரு வாக்கியம், ஏதுவுக்கு இரண்டு மூன்று வாக்கியங்கள், எடுத்துக்காட்டுக்கு ஒரு பத்தி என்று வைத்துக் கொள்ளுங்கள். சுருக்கத்தின் எலும்புக்கூட்டை மெய்கண்டாரே தந்திருக்கும்போது நாம் வேறொன்று தேட வேண்டியதில்லை. நீங்கள் குறிப்பிட்ட இலக்கண ஆராய்ச்சியையும், பிற உரைகாரரோடு முனிவர் நிகழ்த்தும் வழக்கையும் தயக்கமின்றி விடலாம். அவை அறிஞருக்கு உரியவை.

அக்கராயன் வாசகர் | 08.10.2023, இரவு 9.30

பகல் முழுவதும் இதையே எண்ணிக் கொண்டிருந்தேன். எதிர்வாதிகளை விட நினைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறப்பு மலரில் வெளிவந்த சுருக்கமொன்றில், உறுப்புகள் அழிந்தாலும் உலகம் முழுவதாக அழிவதில்லை என்ற கருத்து முனிவருடைய முடிவாகவே அச்சிடப்பட்டிருந்தது. அது உலகாயதன் வாய்மொழி. முனிவர் எதிர்வாதியின் கட்சியை அவனே நேரில் நின்று பேசுவது போல வலிமையாக எழுதுகிறார். அவசரமாக வாசிப்பவர் அதனை உரைகாரரின் சொந்தக் கருத்து என்று கொண்டுவிடுகிறார். அந்தக் குழப்பத்தை எங்கள் வட்டத்துக்குள் கொண்டுவர நான் விரும்பவில்லை.

பயன்சொல்லி | 09.10.2023, காலை 5.50

அதற்கு வழி, பென்சிலை எடுத்துக்கொண்டு வாசிப்பதுதான். "எனின்", "அற்றேல்", "என்பாரை நோக்கி" என்று வரும் இடங்களில் ஓரத்தில் ஒரு கோடு இடுங்கள். "அற்றன்று", "அது பொருந்தாது", "என்க" என்று வரும் இடத்தில் கோட்டை மூடுங்கள். கோட்டுக்குள் இருப்பது எதிர்வாதியின் குரல். வெளியே இருப்பது முனிவரின் குரல். சில இடங்களில் ஒரு கோட்டுக்குள் இன்னொரு கோடு விழும், ஏனென்றால் முனிவர் தந்த விடையையே மறுத்து எதிர்வாதி மீண்டும் எழுவான். அந்த உட்கோடுகளைப் பொதுவாசகருக்கு விட்டுவிடலாம். முதற்கோட்டை விடக்கூடாது.

திரிகை | 09.10.2023, மாலை 4.20

இவ்வளவு சிக்கல் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. குயவன் உவமை ஒன்றே போதும். மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். அது போல மாயை, சத்தி, சிவன். நான் சிறு வயதில் படித்ததும் இதுதான், என் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் இதுதான். ஒரு நிமிடத்தில் எவருக்கும் விளங்கும். நான்கு பக்கத்தை ஒரு பக்கமாக்கி இந்த உவமையை நடுவில் வையுங்கள்.

பயன்சொல்லி | 09.10.2023, இரவு 7.45

நீங்கள் சொன்ன மூன்று காரணங்களும் சரியானவை. உள்ள பொருளாயினும் செய்வோர் இன்றிச் செயல் நிகழாது என்ற இரண்டாம் அதிகரணத்து ஏதுவை விளக்க அதைவிட எளிய உவமை இல்லை. ஆனால் அதை மட்டும் வைத்தால் மூன்று தவறான எண்ணங்கள் கூடவே வந்து சேரும். குயவன் கை வருந்துகிறான், இறைவனும் வருந்துகிறானா? குயவன் தன் விருப்பப்படி ஒன்றைச் சட்டியாகவும் ஒன்றைக் குடமாகவும் வனைகிறான். உயிர்களின் உடல் வேறுபாடும் அப்படி ஒருவனின் விருப்பமா? குடம் உடைந்தால் குயவனிடம் திரும்பிப் போவதில்லை; பிறகு ஒடுக்குபவனே தோற்றுவிப்பவன் என்று எப்படிச் சொல்வது?

சூத்திரத்துக்கு எடுத்துக்காட்டாக மெய்கண்டார் வைத்த வெண்பாக்களை இந்த மூன்று கேள்விகளோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே வெண்பாவுக்குள் இரண்டு உவமைகள் வருகின்றன:

வித்துண்டாமூலம் முளைத்தவா தாரகமாம்
அத்தன்தாள் நிற்றல் அவர்வினையால் – வித்தகமாம்
வேட்டுவனாம் அப்புழுப்போல் வேண்டுருவைத் தான்கொடுத்தான்
கூட்டானே மண்போல் குளிர்ந்து.

வித்துக்குள் முளை கட்புலனாகாமல் இருக்கிறது. மண் குளிர்ந்தபோது வெளிப்படுகிறது. மண் முளையாக மாறிவிடுவதில்லை, தாங்கி நிற்கிறது. இது தாங்குமிடம் பற்றிய கேள்விக்கு விடை. வேட்டுவன் என்னும் குளவி, புழுவுக்கு அது வேண்டிய உருவத்தைக் கொடுப்பது போல, உயிர்களுக்கு அவற்றின் வினைக்கேற்ற உடல் கொடுக்கப்படுகிறது. இது விருப்பமா என்ற கேள்விக்கு விடை. அடுத்த வெண்பா "நோக்காது நோக்கி நொடித்தன்றே காலத்தில்" என்று தொடங்குகிறது. காலத்தில் எல்லாம் தோன்றி அழிந்தும் காலம் எதனாலும் தாக்குண்பதில்லை. அது போல இறைவன் தொழில் செய்தும் வேறுபாடு அடைவதில்லை. இது வருத்தம் பற்றிய கேள்விக்கு விடை.

ஓர் உவமை விட்ட இடைவெளியை அடுத்த உவமை நிரப்புகிறது. ஆகவே அவற்றைக் கடைசிப் பக்கத்தில் கூட்டி வைப்பதும் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுப்பதும் ஒரே பிழையின் இரண்டு வடிவங்கள். ஒவ்வொன்றையும் அது எந்தக் கேள்விக்கு விடையாக வந்ததோ அந்தக் கேள்வியோடு சேர்த்தே வைக்க வேண்டும்.

ஒட்டுசுட்டான் கமக்காரன் | 10.10.2023, இரவு 8.10

நான் பண்டிதன் அல்லன். ஆனால் "மண்போல் குளிர்ந்து" என்ற இடத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. காலபோகத்துக்கு நாங்கள் இப்போது புழுதி விதைப்புச் செய்து முடித்திருக்கிறோம். மழைக்கு முன் உலர்ந்த மண்ணில் விதைத்த நெல் நாட்கணக்கில் அப்படியே கிடக்கும். கிளறிப் பார்த்தால் நேற்று விதைத்தது போல இருக்கும். உமியில் ஒரு வெடிப்பும் இராது. முதல் நல்ல மழை இறங்கி மண் குளிர்ந்ததும், சில நாட்களில் வயல் முழுவதும் ஒன்றாகப் பச்சை ஊசிகள் எழும்பும். மண் நெல்லாக மாறவில்லை, மழையும் நெல்லாக மாறவில்லை. அங்கே வயல் செய்கிறவர்களுக்கு இந்த இரண்டு வரியைச் சொன்னால் போதும். வேறு விளக்கம் வேண்டியிராது.

ஒரு சந்தேகம். பழைய விதை என்றால் மண் எவ்வளவு குளிர்ந்தாலும் முளைக்காது. அதையும் சேர்க்கலாமா?

பயன்சொல்லி | 10.10.2023, இரவு 9.00

புழுதி விதைப்பைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள் ஐயா. ஆனால் அது நம் ஊர் விளக்கம் என்று தெரியும்படி எழுத வேண்டும். முனிவரின் வாயில் வைக்கக்கூடாது. முளைக்காத விதையை இங்கே கொண்டுவர வேண்டாம். வறுத்த வித்து முளையாது என்பது வினை எரிந்து பிறப்பு அற்றுப்போவதைச் சொல்வதற்கு வழங்கும் உவமை. இந்தச் சூத்திரம் அதற்கு நேர் எதிர்ப்புறத்தில் நிற்கிறது: மலம் நீங்காமையால் உலகம் மறுபடி தோன்றியே ஆக வேண்டும் என்கிறது. இரண்டையும் ஒரு பத்தியில் வைத்தால் வாசகர் தடுமாறுவார்.

மாங்குளம் விஞ்ஞான ஆசிரியை | 11.10.2023, மாலை 3.35

குளவி உவமையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் வகுப்பறையின் யன்னல் சட்டத்தில் குளவி கட்டிய மண்கூட்டை மாணவர்களோடு சேர்ந்து பிரித்துப் பார்த்திருக்கிறேன். சிறு விரல் நுனி அளவான ஓர் அறைக்குள் பச்சைப் புழுக்கள் பல, அசைவற்றுச் சுருண்டு அடுக்கப்பட்டிருந்தன; ஊசியால் தொட்டபோது மெல்ல நெளிந்தன, ஆகவே அவை இறக்கவில்லை. அவற்றின்மீது வெண்மையான குடம்பி ஒன்று வாயை ஊன்றி உண்டு கொண்டிருந்தது. குளவி புழுவைக் கொட்டி மயக்கிக் கூட்டில் அடைத்து, அதனோடு முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வரும் குடம்பி அந்தப் புழுக்களைத் தின்று குளவியாகிறது. புழு குளவியாக மாறுவதே இல்லை. இதை அறிந்த பிள்ளைகளின் கையில் பழைய உவமையை அப்படியே கொடுத்தால், உவமையோடு வாதத்தையும் தள்ளிவிடுவார்கள். சுருக்கத்தில் இதை விட்டுவிடுவதே நேர்மை என்பது என் கருத்து.

திரிகை | 11.10.2023, மாலை 6.00

பெரியோர் சொன்ன உவமையைத் திருத்த நாம் யார்? அது பக்குவத்தைக் குறிக்க வந்தது. உவமை எல்லா வகையிலும் பொருந்த வேண்டியதில்லை.

மாங்குளம் விஞ்ஞான ஆசிரியை | 11.10.2023, இரவு 7.20

எல்லா வகையிலும் பொருந்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எந்த ஒரு வகையில் பொருந்த வேண்டுமோ அந்த வகையிலேயே பொருந்தவில்லை. புழு வேண்டிய உருவத்தைக் குளவி கொடுக்கிறது என்பதே உவமை. அந்தக் கூட்டுக்குள் புழு வேண்டியது எதுவும் அதற்குக் கிடைக்கவில்லை.

பயன்சொல்லி | 12.10.2023, காலை 6.15

ஆசிரியை சொல்வது தருக்க முறைப்படியும் வலிமையானது. திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு, வாதிக்கும் எதிர்வாதிக்கும் ஒப்ப முடிந்ததாக இருக்க வேண்டும் என்பது விதி. இரு தரமும் ஏற்ற ஒன்றைக் காட்டித்தான் ஏற்காத ஒன்றை நிறுவ முடியும். மெய்கண்டார் காலத்தில், அதாவது 13ஆம் நூற்றாண்டில், குளவியைப் பற்றிய இந்த எண்ணத்தை எதிர்வாதிகளும் ஏற்றிருந்தனர்; 1785இல் மறைந்த முனிவரின் காலத்திலும் அந்த நிலை மாறவில்லை. இன்று அதனை எதிர்வாதி ஏற்கமாட்டான். ஆகவே இன்றைய அவையில் அது திட்டாந்தமாக நிற்காது.

அதற்காக அதை விட்டுவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். நாம் எழுதுவது முனிவரின் வாதத்தின் சுருக்கம். அவர் எதைக் கொண்டு நிறுவினார் என்பதை மறைத்தால் அது வேறொரு நூலாகிவிடும். உவமையைச் சொல்லி, அது தாங்கும் கருத்தைச் சொல்லி, குளவியின் இயல்பு பற்றி இன்று நாம் அறிந்தது வேறு என்று ஒரு வாக்கியத்தில் தெரிவித்துவிட்டுப் போகலாம். வித்தும் மண்ணும் அதே வெண்பாவில் பழுதின்றி நிற்கின்றன.

முள்ளியவளை வாசகி | 12.10.2023, இரவு 10.25

எங்கள் தாத்தா கோவிலில் கந்தபுராணப் படிப்பு நடக்கும்போது பயன் சொல்பவராக இருந்தார். ஒருவர் பாட்டை இழுத்துப் படித்து நிறுத்துவார். தாத்தா முதலில் பொழிப்பை ஒரே மூச்சில் சொல்வார், அதன்பிறகு யாருக்கு என்ன ஐயம் எழும் என்று தானே கேட்டு, அதற்கு ஒரு கதையோ உவமையோ சொல்வார். அவரிடம் சிவஞானபோதச் சிற்றுரைப் பிரதி ஒன்று இருந்தது. ஓரங்களில் அவருடைய எழுத்தில் கேள்விகள் மட்டும் இருக்கும், விடைகள் இரா. 2009இல் இடம்பெயர்ந்தபோது அது போய்விட்டது. இந்த இழையை வாசித்தபோதுதான் அவர் ஏன் கேள்விகளை மட்டும் குறித்து வைத்தார் என்பது எனக்குப் புலனானது. விடை நூலிலேயே இருந்தது. எங்கே என்ன கேட்க வேண்டும் என்பதைத்தான் அவர் குறித்து வைத்திருக்க வேண்டும்.

சிவஞானபோதம் இரௌரவ ஆகமத்திலிருந்து மொழிபெயர்க்கப்பட்டதா, தமிழிலேயே முதனூலாக எழுந்ததா என்று எங்கள் வீட்டில் பெரிய வாக்குவாதம் நடக்கும். அதையும் சுருக்கத்தில் சேர்ப்பீர்களா?

பயன்சொல்லி | 13.10.2023, காலை 6.00

அது வாதத்தின் உள்ளே வருவதில்லை அம்மா. முனிவர் அதனை ஆகமவழி வந்ததாகக் கொண்டார், பிற்கால ஆராய்ச்சியாளர் பலர் முதனூல் என்றே கொண்டனர் என்று ஓர் அடிக்குறிப்பு இட்டால் போதும்.

அக்கராயன் வாசகர் | 15.10.2023, பிற்பகல் 2.30

திட்டத்தை மாற்றி மூன்று அதிகரணங்களாகவே எழுதுகிறேன். இரண்டாம் அதிகரணம் எல்லாவற்றிலும் கடினமானது என்பதால் அதனை முதலில் முடித்திருக்கிறேன். கீழே இடுகிறேன்.

"உலகம் தோற்றமும் அழிவும் உடையது என்பதை ஏற்றுக்கொண்ட ஒருவர், அது ஒன்றும் இல்லாமையிலிருந்தே தோன்றியது என்று சொல்லக்கூடும். இன்னொருவர், உலகத்தின் மூலப்பொருள் என்றும் உள்ளது, அது தானாகவே உலகமாக விரியும், செய்பவன் ஒருவன் வேண்டியதில்லை என்று சொல்லக்கூடும். மெய்கண்டார் இருவருக்கும் ஒரே ஏதுவின் இரு பாதிகளால் விடை கூறுகிறார். இல்லாதது ஒருபோதும் தோன்றாது. உள்ளதும் செய்வோர் இன்றிச் செயற்படாது. மண் இல்லாமல் குடம் இல்லை. மண் இருந்தாலும் குயவன் இல்லாமல் குடம் இல்லை.

அப்படியானால் உலகம் தோன்றுவதற்கு முன் எங்கே இருந்தது? அழிந்தபோது எங்கே ஒடுங்கியதோ அங்கே இருந்தது. வித்துக்குள் முளை இருப்பது போல உலகம் மாயையில் நுண்ணிதாக இருந்தது. மாயைக்கும் உயிர்களுக்கும் இறைவன் தாங்குமிடமாக நின்றான். மண் குளிர்ந்தபோது வித்து முளைக்கிறது, ஆனால் மண் முளையாக மாறுவதில்லை. காலபோகத்தில் புழுதி விதைப்புச் செய்தவர்கள் இதனை ஆண்டுதோறும் கண்ணால் காண்கிறார்கள். இந்த வயல் விளக்கம் நம்முடையது.

முளைத்தவை ஏன் ஒரே வகையாக இல்லை? உயிர்களின் வினை வேறு வேறானது என்பதால். புழு வேண்டிய உருவத்தைக் குளவி கொடுப்பது போல இறைவன் வினைக்கேற்ற உடலைக் கொடுக்கிறான் என்கிறது வெண்பா. குளவி தன் குடம்பிக்கு உணவாகவே புழுவைக் கூட்டில் அடைக்கிறது என்பதை இன்று அறிவோம். ஆனால் இந்த உவமையால் மெய்கண்டார் சொல்ல வந்தது, உடல் வேறுபாடு கொடுப்பவனின் விருப்பத்தால் வந்தது அன்று என்பதே.

இவ்வளவையும் செய்கிறவன் குயவனைப் போல உழைத்துக் களைப்பானா? காலம் எதையும் கையால் தொடுவதில்லை. ஆயினும் எல்லாம் காலத்திலேயே தோன்றி, காலத்திலேயே அழிகின்றன. காலம் அதனால் கூடுவதும் குறைவதும் இல்லை. இறைவனின் செயலும் அத்தகையது."

மாங்குளம் விஞ்ஞான ஆசிரியை | 15.10.2023, மாலை 5.10

குளவி பற்றிய பத்தி இப்படி எழுதப்பட்டால் அதை வகுப்பில் வாசிக்க எனக்குத் தடையில்லை. ஆனால் பிள்ளைகள் அடுத்து ஒன்று கேட்பார்கள். உவமை விழுந்த பிறகு, உடல் வேறுபாட்டுக்கு வினைதான் காரணம் என்ற கூற்றை இந்தப் பக்கத்தில் எது தாங்குகிறது?

பயன்சொல்லி | 15.10.2023, இரவு 8.50

இந்தப் பக்கத்தில் எதுவும் தாங்கவில்லை என்பதே உண்மை. முதற் சூத்திரம் வினையை எடுத்துக் கொள்கிறதே தவிர முழுமையாக நிறுவுவதில்லை. வினைவழியே உயிர்கள் போக்கும் வரவும் புரிவதை இரண்டாம் சூத்திரம்தான் எடுத்துப் பேசுகிறது. அங்கே உள்ள விடை பிள்ளைகளை நிறைவு செய்யுமா என்பதை அதனைச் சுருக்கி எழுதிய பிறகே பேச முடியும். இப்போதைக்கு அந்தப் பத்தியின் முடிவில், இதற்குரிய நிறுவல் அடுத்த சூத்திரத்தில் வருகிறது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்று. "ஒன்றும் இல்லாமையிலிருந்தே தோன்றியது" என்பவரை முதலில் வைத்து, "தானாகவே விரியும்" என்பவரை அடுத்து வைத்திருக்கிறீர்கள். அந்த வரிசையை மாற்ற வேண்டாம். ஏதுவின் இரு பாதிகளும் அதே வரிசையில் வருகின்றன.

திரிகை | 16.10.2023, காலை 7.30

குயவனுக்கு ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது. ஆயினும் அவன் நிற்கும் இடம் சரியானது. முதல் அதிகரணத்தை எப்போது இடுவீர்கள்?

அக்கராயன் வாசகர் | 16.10.2023, இரவு 9.05

இந்த வார முடிவில். அதில் உலகாயதனுக்கு ஒரு வாக்கியம் போதவில்லை. உறுப்புகள் அழிவதிலிருந்து முழுமையும் அழியும் என்று கொள்வது எப்படி என்று அவன் கேட்பது எளிதில் தள்ளக்கூடிய கேள்வி அன்று. அவனுக்கு அரைப் பக்கம் கொடுக்கிறேன்.